கணக்கிடாத எட்டு நொடி

வல்லத்துச் சித்தப்பா அரங்கநாதனின் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியெல்லாம் கருகிக் கிடக்கிறது என்ற சேதி, திண்டிவனம் ஆபீசில் இருந்த சங்கவிக்குக் காலையில் வந்தது. களைக்கொல்லி எவ்வளவு அடிப்பது என்று அவர் அவளுடைய சாட்பாட்டிடம்தான் கேட்டிருந்தார். வாட்ஸப்பில் விவசாயிகளுக்குப் பதில் சொல்லும் அந்தச் சாட்பாட்டை அவளும் வெற்றிவேலும் சேர்ந்து செய்தார்கள். ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஆறு வருடக் கூட்டாளிகள்.

பேச்சில் அது புலி, பெருக்கலில் பூனை. அதற்குள் இருக்கும் மொழி மாடல் அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்து எழுதுவது. பெரிய எண்ணையும் அப்படித்தான் ஊகிக்கும். அதனால் சங்கவி இரண்டு கருவிகளை இணைத்திருந்தாள். மருந்தின் அளவைத் தேடலில் எடுக்க வேண்டும். கணக்கைத் தானே போடாமல் கால்குலேட்டருக்கு அனுப்பி, வந்த விடையைத்தான் சொல்ல வேண்டும். நம்மூரில் ஏக்கரில் யார் பேசுகிறார்கள்? காணிக்கு நூற்று முப்பத்திரண்டு சென்ட் என்றுகூட அவள்தான் எழுதி வைத்தாள்.

சாட்பாட் செய்வதையெல்லாம் பதிந்து வைக்கும் லாகைத் திறந்தாள். சித்தப்பா ஒன்றரைக் காணி என்று கேட்டிருந்தார். தேடல் ஏக்கருக்கு நானூறு மில்லி என்று சரியாகவே எடுத்து வந்திருந்தது. ஆனால் கால்குலேட்டரைக் கூப்பிட்ட தடயமே இல்லை. ‘கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 1192 மில்லி’ என்று மட்டும் கூசாமல் எழுதியிருந்தது. சரியான விடை 792. பதினோரு நாளாகவே கால்குலேட்டருக்கு ஒரு அழைப்பும் போகவில்லை.

அவள் கேட்டதும் வெற்றிவேல் தலை நிமிராமல் ஒத்துக்கொண்டான். விழுப்புரத்திலிருந்து சாட்பாட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு, கால்குலேட்டர் வழியாக விடை வர எட்டு நொடி ஆவது தாமதமாகத் தெரிந்ததாம். கால்குலேட்டரை எடுத்துவிட்டான், போட்டுப் பார்த்ததாகச் சொல்லும் வரியை மட்டும் விட்டு வைத்தான்.

“எட்டு செகண்டு யாரு வெய்ட் பண்ணிக்கினு இருப்பாங்க, சங்கவி? மாடலே சரியா போட்டுக்கும்னு நெனச்சேன்.”

“போடாதுன்னு தெரிஞ்சிதானடா ரெண்டு பேரும் ஒக்காந்து அதைக் கட்டுனோம்.”

பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மாடல் பொய் சொன்னது அவளைச் சுடவில்லை, அதற்கு எது பொய் என்று தெரியாது. இவனுக்குத் தெரியும்.

கால்குலேட்டரைத் திரும்ப இணைத்தாள். அதே கேள்விக்கு 792 வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வல்லம் போனாள்.

வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள், வெற்றிவேல் பெயர் உட்பட. சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு அந்தப் பையனத் தெரியாதும்மா. அளவு ஜாஸ்தியா இருக்குதேன்னு அன்னிக்கு ஒனக்குப் போன் பண்ணேன். நான் செக் பண்ணிட்டேன் சித்தப்பான்னு சொன்னியே.”

சொல்லியிருந்தாள். போட்டுப் பார்த்தேன் என்று சாட்பாட் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, லாகைத் திறக்காமலே சொல்லியிருந்தாள்.