ஆடி ஒன்றில் கட்டில் தருவதாக எழுதியவன்

பயம் வந்தால் எனக்கு வாயில் தமாஷும் முதுகில் வேர்வையும் ஒன்றாகக் கிளம்பும். கோச்சடையில் கட்டில், பீரோ கடை வைத்திருப்பவனுக்கு இந்த வியாதி ஆகாது.

அந்த வருஷம் ஆனியின் கடைசி முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருநகர் அண்ணன் ஒருவர், ஓய்வுபெற்ற கண்டக்டர், மகள் கல்யாணச் சீருக்குத் தேக்குக் கட்டில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ஆனையூரில் மாப்பிள்ளை வீட்டில் இறக்க வேண்டும். அதே ஞாயிறுக்கு நான்கு கல்யாணக் கட்டில்களுக்குச் சரி என்று தலையாட்டியிருந்தேன். இருந்ததோ ஒரே பாலிஷ்காரர். கடைசியாக அவர் கைக்குப் போனது அண்ணன் கட்டில். வியாழக்கிழமை சாயங்காலம் மழை பெய்தது. ஈரக்காற்றில் அடித்த பாலிஷ், மறுநாள் காலையில் மோர் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"மாப்ள, அம்புட்டையும் தேய்ச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும்," என்றார் பாலிஷ்காரர். "அடுத்த வியாழக்கிழமைக்கு முன்னாடி தூக்குனா, உன் கைரேகைதான் சீராப் போகும்."

உட்கார்ந்து மன்னிப்பு எழுதினேன். நான்கு முறை அழித்தேன். ஒருமுறை 'மழையின் சதி' என்று வந்தது, அதை அழித்தேன். கடைசியில் நிமிர்ந்து நின்றது இதுதான்: "அண்ணன் அவர்களுக்கு. கட்டிலை நாளை தர முடியவில்லை. தவறு முழுக்க என்னுடையது. மன்னிக்க வேண்டும். வரும் வியாழக்கிழமை காலை ஆனையூரில் இறக்கிவிடுகிறேன். சிரமத்துக்கு எங்கள் அன்பளிப்பாக ஒரு ஜோடி இலவம்பஞ்சுத் தலையணை." செல்போனில் தேதி பார்த்துத்தான் போட்டேன். அனுப்பிவிட்டு ஒரு டீ வேறு குடித்தேன். என்ன பெருந்தன்மை!

அரைமணி நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, கடையில நாள்காட்டி இருக்கா?"

"இருக்குண்ணே."

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

என் தலைக்குப் பின்னால்தான் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாள்களைப் புரட்டினேன். வியாழக்கிழமை, ஆடி ஒன்று.

புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகிற மாதம். அதன் முதல் நாளில் இரட்டைக் கட்டிலும் ஜோடித் தலையணையும் இறக்குகிறேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

"ஆவணின்னு மாத்தி எழுதிடுறேண்ணே. இந்த மெசேஜ அழிச்சிருங்க."

"முதல் ரெண்டு வரியப் பாத்ததும், தப்பு நம்மது இல்லன்னு தெரியட்டும்னு சம்பந்தியம்மாவுக்கு அப்படியே அனுப்பிட்டேன் தம்பி."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஆனையூருக்கு ஓடினேன். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்ததில் ஒரு சிக்னலைத் தாண்டி, அதற்காக அங்கே போலீஸ்காரரிடம் ஒரு தனி மன்னிப்பு. மாப்பிள்ளை வீட்டில் ஒரு அறையைக் கழுவிக் கோலம் போட்டுக் காலியாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை அந்த அறை வாசலில்தான் நிறுத்தினார்.

"கட்டில் சொல்லலன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்போம். வாழப்போற புள்ளைகளுக்கு ஆடியில கட்டிலா?"

"அண்ணன் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாருங்க. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் அறிவில்லாம எழுதிட்டேன். ஆவணி முதல் முகூர்த்தத்துல நானே கொண்டாந்து..."

"சம்பந்தம் இல்லையா? அவருதான சம்பந்தி?"

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். பயத்தில் வந்த சிரிப்பு. அதை அந்த அம்மா எப்படி எடுத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அறை காலியாக் கெடக்காது. நாங்களே வாங்கிப் போட்டுக்கிறோம். போயிட்டு வாங்க."

அன்று மாலையே வேறொரு கடையிலிருந்து ஒரு இரும்புக் கட்டில் அங்கே வந்து இறங்கியதாக அண்ணன் சொன்னார். கல்யாணத்துக்கும் போனேன், பத்திரிகை வைத்திருந்தார். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் இருந்த ஒருவர், "பொண்ணு வீட்டுல கட்டில் எப்பவாம்?" என்று கேட்க, பக்கத்திலிருந்தவர், "ஆடி ஒண்ணாம் தேதி, தலையணையோட!" என்றார். இலை இலையாகச் சிரிப்பு போனது. எல்லாரும் ரசித்த என் ஒரே தமாஷ் அதுதான். அண்ணன் பாயச வாளியோடு அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தார். நிற்கவில்லை. கேட்டவருக்கும் ஊற்றினார், எனக்கும் ஊற்றினார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கட்டிலைத் திருநகரில், அவர் வீட்டிலேயே இறக்கினேன். வேறு இடம் இல்லை. பாலிஷ் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் என் மூஞ்சி தெரிந்ததுதான் குறை. அண்ணன் ஒரு தடவை சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி," என்றார்.

தலையணை ஜோடியை நீட்டினேன். வாங்கி, எடை பார்ப்பவர் போலக் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"இத நீங்க வச்சுக்கங்க. எம் மக அந்த வீட்டுல பழகிக்கிருவா. உங்களுக்குத்தான் தூக்கம் வராது."

தலையணை ரெண்டும் என் கட்டிலில்தான் இருக்கின்றன. அண்ணன் சொன்னது சரிதான்.