நான்காம் கருத்துக்கு எங்கள் பதில்

எங்கள் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி மதிப்பாய்வாளர்களின் கருத்துகள் மின்னஞ்சலில் வந்தபோது நான் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெரும் திருத்தம் தேவை" என்று மருத்துவப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். நிராகரிக்கவில்லை என்பதே பெரிய விஷயம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கீழே கருத்துகள் பக்கம் பக்கமாக நீண்டன.

நான் திருப்பூரில் நுரையீரல் மருத்துவர். வீரபாண்டிப் பக்கம் சில யூனிட்டுகளில் ரைசிங் என்று ஒரு வேலை நடக்கிறது. பனியன் துணியின் ஒரு பக்கத்தைக் கம்பிப் பற்கள் வைத்த உருளைகளில் ஓட்டி, சுரண்டி, பஞ்சுபோல எழுப்பிவிடுவார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் போடும் சட்டைக்கு உள்பக்கம் மெத்தென்று இருப்பது அதனால்தான். எழுந்த பஞ்சில் பாதி துணியில் இருக்கும், மீதி ஆட்களின் மூக்கில் இருக்கும். நூல் மில் ஆட்களுக்குப் பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடுவது பழைய செய்தி. ரைசிங் ஆட்களைப் பற்றி யாரும் எழுதியதாக எங்களுக்குத் தெரியவில்லை. நானும், சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒரு நண்பரும் சேர்ந்து எழுதினோம்.

எழுதியதற்குக் காரணம் ஒரு பெண். தெற்குச் சீமையிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். ரைசிங் மிஷினுக்குப் பின்னால் நின்று துணியை வாங்கி மடிக்கிற வேலை. திங்கட்கிழமை மாலையானால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருக்கிறது என்று என்னிடம் வந்தார். இது தொழில்நோய் என்று சான்று எழுதிக் கொடுத்தேன். தொழிலாளர் காப்பீட்டு மருத்துவக் குழு அதை ஏற்கவில்லை. பனியன் வேலையில் இந்த நோய் வரும் என்பதற்குப் பிரசுரமான ஆதாரம் உண்டா என்று கேட்டுத் தள்ளிவைத்தது. குழு ஏற்றுக்கொண்டால் மாதாமாதம் உதவித்தொகை வரும், அவர் அந்த மிஷினை விட்டு வெளியே வரலாம். இல்லாவிட்டால் அதே இடத்தில் நின்று அதே காற்றை இழுக்க வேண்டும். வேறு வழி அவர் குடும்பத்துக்கு இல்லை. கட்டுரை எனக்குப் பதவி உயர்வுக்கு வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது.

பதில் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. மதிப்பாய்வாளர் சொன்ன ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட வேண்டும். அடியில் நம் பதில். கட்டுரையில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் மாற்றினோம் என்று காட்ட வேண்டும். மாற்ற மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் "மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி" என்றுதான் தொடங்க வேண்டும். மாமியார் வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற அதே பாவனை. எனக்கு அது இரண்டு இடத்திலும் வந்ததில்லை. நண்பர்தான் என் வரைவில் இருந்த காரத்தை எல்லாம் வழித்தெடுப்பார்.

"மேடம், 'மதிப்பாய்வாளர் கட்டுரையைப் படித்திருந்தால்'னு எழுதியிருக்கறீங்க. அது வேண்டாமுங்க. 'நாங்கள் தெளிவாக எழுதவில்லை'ன்னு போட்டுக்கலாமுங்க."

"தெளிவா எழுதியிருக்கோமே."

"எழுதியிருக்கறமுங்க. இருந்தாலும் போடுவமுங்க."

முதல் மதிப்பாய்வாளர் தங்கமானவர். மூச்சை ஊதி அளக்கும் கருவியை ஒவ்வொரு நாளும் சரிபார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம், எழுத விட்டுப்போயிற்று, சேர்த்தோம். ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று முறை சரியாக ஊத வைத்தீர்களா, ஊதியவை ஒன்றுக்கொன்று ஒத்துவந்தனவா என்று கேட்டார். அதையும் சேர்த்தோம். காற்றில் தூசி எவ்வளவு என்று ஏன் அளக்கவில்லை என்றார். அளக்கக் கேட்டிருந்தோம். "ஊதற மிஷின் உள்ள வரட்டுமுங்க, தூசி அளக்கற மிஷின் வேண்டாமுங்க" என்று ஒரு முதலாளி காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார். மற்ற யூனிட்டுகளிலும் அதே மரியாதை, அதே காப்பி. "அனுமதி கிடைக்கவில்லை, இது எங்கள் ஆய்வின் குறை" என்று எழுதினோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தச் சொன்னார். அதற்கும் நன்றி சொன்னோம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன நன்றி.

இரண்டாமவரின் நான்காவது கருத்தில்தான் எல்லாம் போயிற்று.

இந்த நோயின் அடையாளமே ஓய்வு நாளுக்கு அடுத்த நாள்தான். ஒரு நாள் தூசியில்லாமல் இருந்துவிட்டு மறுபடி உள்ளே போகிறபோது நுரையீரல் அதிகமாகச் சுருங்கும். வாரம் போகப் போகச் சிலருக்கு இறுக்கம் தணியும். அதனால் திங்கட்கிழமை காலை வேலைக்குள் போகுமுன் ஒரு முறை, ஷிப்ட் முடிந்ததும் ஒரு முறை ஊத வைத்து, எவ்வளவு குறைந்தது என்று பார்த்திருந்தோம். இரண்டாமவர் கேட்டது ஒரே கேள்வி. முந்தின நாள் அவர்கள் உண்மையாகவே ஓய்வில் இருந்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை. ஆட்களைக் கேட்டோம், அவர்களும் விடுமுறை என்றார்கள். இதற்குமேல் என்ன வேண்டும் என்று பொரிந்து தள்ளி ஒரு பதில் எழுதினேன். நண்பர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஷிப்மென்ட் சமயத்துல ஞாயித்துக்கெழமை ஒரு மணி வரைக்கும் போவாங்கல்லங்க. எங்க ஊட்டுப் பக்கத்துலயே போறாங்க. அதைய யாரும் வேலைன்னு சொல்றதில்லீங்க."

எனக்கும் தெரிந்ததுதான். திருப்பூரில் யாருக்குத்தான் தெரியாது? ஞாயிறு காலை பஸ்ஸில் கூட்டம் எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும். அது பதிவேட்டில் ஏறாது, கையில் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். அதனால் போகிறவர்களுக்கும் அது வேலை நாள் இல்லை. ஆனாலும் கேள்வித்தாளை எழுதியபோது எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் நினைப்பதுபோலவே நாங்களும் நினைத்திருக்கிறோம்.

மறுபடி தொடர்புகொள்வோம் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருந்தது. மருத்துவமனையின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவித்து அனுமதி வாங்கிவிட்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டோம். அந்தப் பெண்ணும் ஆய்வில் இருந்தவர்தான். அவரிடம் நானே பேசினேன்.

"ஞாயித்துக்கெழம லீவுதாம்மா."

"காலையில கம்பெனிக்குப் போகலையா?"

"போனோம்லா. மத்தியானம் வரைக்கும் நின்னுட்டு வந்துருவோம். அன்னைக்கும் அப்படித்தாம்மா. பொறவு லீவுதான்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெரும்பாலானோர் அதையே சொன்னார்கள்.

இரண்டாமவரின் கோரிக்கை, அப்படிப்பட்டவர்களை எல்லாம் கணக்கிலிருந்து நீக்குங்கள் என்பது. நீக்கிப் பார்த்தோம். மூச்சு குறைவது அப்படியேதான் தெரிந்தது. ஆனால் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். அவ்வளவு சிறிய கூட்டத்தில் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற எல்லைக்குள் முடிவு போய் விழுந்தது. நண்பர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கேன்டீன் மேசையில் தோசை ஆறிக்கொண்டிருந்தது.

விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மரியாதையாகவே எழுதினேன், ஆனால் நிமிர்ந்து எழுதினேன். "இந்த முக்கியமான கேள்விக்கு மிக்க நன்றி. மதிப்பாய்வாளர் சொல்வது சரி; எங்கள் கேள்வித்தாள் இதைப் பிடிக்கவில்லை. மறுபடி விசாரித்து, கிடைத்ததை அப்படியே கொடுத்திருக்கிறோம். ஆனால் இவர்களை முதன்மைக் கணக்கிலிருந்து நீக்குவதில் நாங்கள் பணிவோடு மாறுபடுகிறோம். முந்தின நாள் தூசியில் நின்றவருக்குத் திங்கட்கிழமைச் சுருக்கம் குறைவாகத் தெரியவே வாய்ப்பு. ஆகவே உண்மையான பாதிப்பு நாங்கள் காட்டியதைவிட அதிகமாக இருக்கக்கூடும். நீக்கிச் செய்த கணக்கையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்." நண்பர் இதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இரண்டாம் சுற்றில் பதில் வந்தது. முதலாமவருக்குத் திருப்தி. இரண்டாமவர், கட்டுரையாளர்களின் நேர்மையைப் பாராட்டுகிறேன், வாதம் ஏற்கத்தக்கது, ஆனால் அது ஊகமே என்று எழுதியிருந்தார். முதன்மைக் கணக்கு அப்படியே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு நாள் மட்டும் அளந்த ஆய்வு இது. இதிலிருந்து தனிப்பட்ட ஒருவரின் நோய்க்கு இந்த வேலைதான் காரணம் என்று சொல்ல முடியாது. அதை முடிவுரையிலும் கட்டுரைச் சுருக்கத்திலும் வெளிப்படையாக எழுத வேண்டும். பத்திரிகை ஆசிரியரும் அதை வழிமொழிந்திருந்தார்.

என் கெட்ட நேரம், அவர் சொன்னது சரி. ஒரு கூட்டத்தை அளந்ததை வைத்து அதில் நிற்கும் ஒரு ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதை நானே மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இரண்டாமவர் முட்டாளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சரியாகச் சொல்கிற ஆளோடு என்ன செய்வது? அவர் கேட்ட வாக்கியத்தை நானே எழுதினேன், எவ்வளவு தெளிவாக முடியுமோ அவ்வளவு தெளிவாக. "கருத்துக்கு நன்றி. ஏற்கிறோம்" என்று பதிலையும் எழுதி அனுப்பினேன். கட்டுரை ஏற்கப்பட்டது. நண்பர் துறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

அச்சில் வந்ததும் ஒரு பிரதியை அந்தப் பெண்ணின் மனுவோடு சேர்த்தேன். காப்பீட்டு மருத்துவக் குழு மறுபடி கூடியது. அவரைப் பார்த்தார்கள், ஊத வைத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

பல வாரம் கழித்து உத்தரவை எடுத்துக்கொண்டு அவர் என் அறைக்கு வந்தார். நீல நிறக் கவர், உள்ளே ஆங்கிலம். நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அது திங்கட்கிழமை இல்லை. இப்போதெல்லாம் அவருக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான்.

"என்னம்மா போட்டிருக்கு?"

வாசித்தேன். மனு நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் தரப்பே தாக்கல் செய்த கட்டுரையின் முடிவுரை பின்வருமாறு கூறுகிறது என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் என் வாக்கியம் முழுசாக இருந்தது. ஒரு காற்புள்ளிகூடக் குறையவில்லை. அதற்கு முன்னால் இருந்த பக்கங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நிராகரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். கண்ணை அவர் முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அங்கேயும் இதே வாக்கியத்தைத்தான் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எதனாலயாம்?"

"உங்க நோய்க்கு அந்த வேலைதான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு ஒரு டாக்டர் எழுதியிருக்காங்க. அதைக் காட்டியிருக்காங்க."

"யாரு, அந்தக் குழு டாக்டரா?"

"இல்லம்மா. நான்தான் எழுதினேன்."

விளக்க ஆரம்பித்தேன். கூட்டம் வேறு, தனி ஆள் வேறு, இப்படி எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். மறுபடி எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் கவரை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நீங்களே எழுதியிருக்கீயன்னா அது சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். "அந்த உறிஞ்சுற மருந்து தீந்துபோச்சு. இன்னொண்ணு எழுதித் தாங்க, ஷிப்டுக்கு நேரமாவுது."