கிணற்றின் தாங்கல் திறன்

வேதியியல் இரண்டாம் ஆண்டில் எனக்கும் என் தோழிக்கும் வந்த சோதனை, பஃபர் கரைசலின் தாங்கல் திறனை அளப்பது. அளவீடு அவள் வேலை. அறிக்கையின் முன்னுரை என் வேலை. அசிட்டேட் கரைசலோடு தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும், மழைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு பாட்டில்களில் கொண்டுவந்தாள். அவள் வீடு ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் டேனரி ஒன்றின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ள லேப் மேடமும் சம்மதித்தார்.

நான் நோக்கத்தை எழுதினேன்: ஒரு லிட்டர் கரைசலின் பிஎச் ஓர் அலகு மாற எவ்வளவு வலிமையான அமிலமோ காரமோ தேவை என்று கண்டறிதல். அடுத்து பின்னணி. பஃபரில் ஒரு வலுக்குறைந்த அமிலமும் அதன் இணைகாரமும் இருக்கும். வெளியிலிருந்து அமிலம் சேர்ந்தால் இணைகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிஎச் லேசாகத்தான் அசையும். கிணற்றுத் தண்ணீரில் அந்த வேலையைச் செய்வது பைகார்பனேட். அது தீர்ந்துவிட்டால் பிஎச் மளமளவென்று விழும்.

அந்த வரியை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. தோழியின் அப்பா ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். அமிலம் கூடினால் ஆரஞ்சாக மாறும் பிஎச் காகிதத்தை அவள் வாங்கித் தந்திருந்தாள்; அதை அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பார்ப்பார். நிறம் மாறவில்லை என்றால் அவருக்கு நிம்மதி.

"உங்க கிணறு தாங்கிட்டே இருக்குடி. ஆனா எவ்ளோ மிச்சம் இருக்கு?" என்றேன்.

அவள் ப்யூரெட் குழாயில் அமிலத்தை நிரப்பினாள். மழைக்கு முன் எடுத்த தண்ணீர் நிறைய அமிலம் வாங்கிய பிறகுதான் அதன் பிஎச் விழுந்தது. மழைக்குப் பிறகு எடுத்த பாட்டிலுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஆனால் தொடக்கத்தில் இரண்டின் பிஎச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனோம். அப்பா எங்கள் எதிரிலேயே காகிதத்தை நனைத்தார்.

"கலர் மாறல பாரும்மா. அப்புறம் இன்னா பயம்?"

"அப்பா, எங்கிருந்தோ ஆசிட் வருது. தண்ணி அத்த மறைச்சிட்டிருக்கு. மறைக்கிற சக்தி கம்மியாகிட்டே வருது."

அவர் டேனரிச் சுவரைப் பார்த்தார். தோலை உப்போடு அமிலத்தில் ஊறவைக்கும் தொட்டிகள் அதற்கு அந்தப்பக்கம்தான். "சரி, பாத்துக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். சில வாரங்கள் கழித்து, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"அப்பா மோட்டார நிறுத்திட்டாரு. காகிதம் ஆரஞ்சா வந்துச்சுடி."

நான் போனபோது வாசலில் கேன் தண்ணீர் வந்து இறங்கியிருந்தது. கிணற்றின் மேல் தகரம் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். அடுத்த தெரு அம்மா ஒருவர் எட்டிப்பார்த்து, "எங்க கிணத்துல அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தோழி காலி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் பின்னாலேயே அவர் கிணற்றுக்கு நடந்தாள்.