முதல் நாள் யாரைக் கூப்பிட வேண்டும்

மாத்திரை அட்டை கட்டும் அந்தத் தொழிற்சாலையில் ஊழியர் பிரிவுக்கு ஒரே ஓர் அறை, ஒரே ஓர் ஆள். ஐம்பத்தொரு வயது. எல்லாருக்கும் அவள் மெயில் அக்கா. பத்தொன்பது வருடங்களில் அறுநூறு பேருக்கு மேல் அவளுடைய வரவேற்பு மெயிலைப் படித்துவிட்டுத்தான் உள்ளே காலடி வைத்திருக்கிறார்கள். மேலாளரே, ஒரு நல்ல மூடில் இருந்தபோது, "உங்க லெட்டரைப் படிச்சா எனக்கே மறுபடி வேலைக்குச் சேரணும் போல இருக்கு" என்று சொன்னதுண்டு. போன வருடம் வேறொரு கிளையிலிருந்து அதன் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் இரண்டு தடவை சொன்னாள். அவர் மூன்றாம் தடவைக்குத் தயாராக டிவி சத்தத்தைக் குறைத்துவைத்தார்.

அவள் வேலை செய்யும் முறை எளிது. புதிதாக ஒரு கடிதம் எழுதமாட்டாள். போன ஆளுக்கு அனுப்பியதைத் திறப்பாள், பெயரையும் பதவியையும் தேதியையும் மாற்றுவாள், அனுப்புவாள். காலை எட்டரைக்கு முதன்மை வாயில். அசல் சான்றிதழ்கள், நகல்கள், மூன்று புகைப்படம். கால் மூடிய ஷூ. வளையல், மோதிரம், கைக்கடிகாரம், நகப்பூச்சு, வாசனைத் திரவியம் கூடாது. தொடர்புக்கு இரண்டு பெயர்: அலுவலக எண்ணோடு அவள், கைபேசி எண்ணோடு பயிற்சி மேற்பார்வையாளர். பிறகு முதல் வாரம்: பதிவு, அடையாள அட்டை, மருத்துவப் பரிசோதனை, கை கழுவும் முறை, அங்கி அணியும் பயிற்சி, விதிமுறைகளைப் படித்துக் கையெழுத்து, வெள்ளிக்கிழமை எழுத்துத் தேர்வு.

பயிற்சி மேற்பார்வையாளரைக் கேட் அண்ணன் என்பார்கள். புது ஆள் வரும் திங்கட்கிழமைகளில் பன்னிரண்டு வருடமாக அவர்தான் வாசலில் நின்று அழைத்து வந்தார். ஏழு வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, அங்கி மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய இரங்கல் அறிவிப்பை எழுதியது மெயில் அக்காதான். அவருடைய பணிக் கோப்பை மூடி, அடையாள அட்டையைக் குறுக்காக வெட்டி உறையில் போட்டு, பீரோவில் வைத்ததும் அவள்தான்.

இந்தத் திங்கட்கிழமை, மாத்திரை அட்டைகளைக் கண்ணால் சரிபார்க்கும் பார்வைப் பரிசோதனைப் பிரிவுக்கு ஒரு பெண் சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும். எட்டு இருபத்தைந்துக்கே வரவேற்பறை சோபாவின் நுனியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். மெயில் அக்கா அவளைத் தன் அறைக்கு அழைத்து வந்து படிவங்களை நீட்டினாள்.

"வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"இல்ல மேடம். போன்ல பேசின மேடம் தெளிவா சொல்லிட்டாங்க. அவங்களப் பாத்து ஒரு தேங்க்ஸ் சொல்லணும். எங்க இருப்பாங்க?"

"எந்த மேடம்?"

"மெயில்ல நம்பர் போட்டிருந்தீங்கல்ல, அந்த மேடம்."

"ஊழியர் பிரிவுல நான் மட்டுந்தாம்மா. நான் யார்கிட்டயும் பேசலையே."

அந்தப் பெண் கைபேசியை எடுத்துக் காட்டினாள். நேற்று மாலை, நான்கு நிமிடம். இன்று காலை ஏழு ஐம்பது, ஒரு நிமிடம். எண்ணைப் பார்த்ததும் மெயில் அக்காவுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. பழகிய எண், அவ்வளவுதான். கடைசி நான்கு இலக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் கையில் மீதியிருந்த படிவங்கள் மேஜையில் விழுந்தன.

"மேடம், தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். நீ எழுது. அவங்க என்ன சொன்னாங்க?"

"பேரைச் சொல்லிக் கேட்டேன். அவர் இல்லம்மா, என்கிட்ட சொல்லுன்னாங்க. பெரிய கேட்டுக்குப் போகாத, அது லாரிக்கு மட்டும், பின்னால தண்ணித் தொட்டி பக்கத்துல சின்ன கேட் இருக்குன்னாங்க. அப்புறம் முக்கியமா, சாப்பிட்டுட்டு வான்னாங்க. நான் வெறும் வயித்துல வர இருந்தேன் மேடம், மெயில்ல அப்படித்தானே இருந்துச்சு. பரிசோதனை செவ்வாய்க்கிழமைதான், இன்னிக்குப் பட்டினி கிடந்தா மத்தியானம் சுருண்டு விழுவன்னாங்க."

மெயில் அக்கா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை அனுப்பிய மெயில். 'ஏதேனும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் அழைக்கவும்.' அதற்குக் கீழே கேட் அண்ணன் பெயர், அவர் எண். அதற்கு முந்தைய மெயிலைத் திறந்தாள். அதிலும். அதற்கு முந்தையதிலும். அவர் போன பிறகு நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றின் நகலும் அவர் மெயில் முகவரிக்கும் போயிருந்தது. மூடிய முகவரிக்கு வருவதெல்லாம் மேலாளருக்குப் போகும்படி செய்திருந்தார்கள். மேலாளருக்கு நகல் மெயில்களைத் திறக்கும் பழக்கம் கிடையாது.

'மருத்துவப் பரிசோதனை இருப்பதால் வெறும் வயிற்றில் வரவும்.' முதல் நாள் கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலுக்கு நேர் கீழே அது உட்கார்ந்திருந்தது. எந்த நாள் என்று இல்லை. எத்தனை வருடமாக இல்லை என்று அவளுக்கே தெரியவில்லை. பெரிய வாயிலை லாரிகளுக்கு ஒதுக்கி இரண்டு வருடம் ஆகிறது. அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் உள்ளே வந்துதான் இறங்குவாள். எந்த வாயில் என்று நினைத்துப் பார்த்ததில்லை. காது மடல் சுட்டது. புதுப் பெண் படிவத்தில் மூன்றாவது பக்கத்துக்குப் போயிருந்தாள்.

மத்தியானம் அந்த எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிக்கும் முன் துண்டித்தாள். சாயங்காலம் பஸ்ஸில் மூன்று நிறுத்தம் முன்னதாக இறங்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது கேட் அண்ணனின் மனைவி. கையில் ஈரத்துணி.

"வா. உன்னைப் போன மாசமே எதிர்பார்த்தேன்."

"அண்ணி, எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"உக்காரு முதல்ல. நின்னுக்கிட்டே அழுதா எனக்குக் கழுத்து வலிக்கும்."

அவள் அழவில்லை. ஆனால் உட்கார்ந்தாள். கைபேசி தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில், அறுந்த ஒயரில் கறுப்பு டேப் சுற்றிய சார்ஜரில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பழைய காலண்டர் தாள், பின்பக்கம் முழுக்கப் பேனா எழுத்து.

"முதல்ல ஒரு பையன் கூப்பிட்டான்" என்றாள் அண்ணி. "அவர் போய்ப் பத்து நாள்கூட ஆகல. சார் இருக்காரான்னான். எனக்கு மூச்சே நின்னுபோச்சு. போனைத் தூக்கி எறியலாம்னு இருந்துச்சு. அவன் அதுக்குள்ள, நான் பெரிய கேட்டுக்கிட்ட நிக்கறேன், லாரிக்காரன் திட்டறான், எங்க போகணும்னு கேக்கறான். நான் என்ன பண்ண? சின்ன கேட்டுக்குப் போப்பான்னேன்."

"என் மேல கோவம் வரலையா அண்ணி?"

"வந்துச்சு. நல்லா வந்துச்சு. உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன். அடுத்த வாரம் இன்னொரு பொண்ணு கூப்பிட்டா. சரி, புள்ளைங்க வேலைக்குச் சேர்ற நாளும் அதுவுமா எதுக்குன்னு விட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா நானே சார்ஜ் போட ஆரம்பிச்சுட்டேன்."

"உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? செவ்வாய்க்கிழமை, வெறும் வயிறு..."

"ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தானே ஷேவ் பண்ணுவார்? பன்னிரண்டு வருஷம் கேட்டிருக்கேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியுதோ இல்லையோ, உங்க கம்பெனியில சேரத் தெரியும்." துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "கண்ணாடி போடறவங்க பழைய கண்ணாடியும் கொண்டு வரணும், கண் பரிசோதனைக்கு. ஹேர்பின் கூட உள்ள விடமாட்டாங்க. இதெல்லாம் உன் லெட்டர்ல இல்ல."

மெயில் அக்கா காலண்டர் தாளைப் பார்த்தாள். அவர் கையெழுத்து. பதினோரு குறிப்புகள். ஒவ்வொன்றும் அவள் கடிதத்தில் இல்லாதது, அல்லது தப்பாக இருந்தது. தாளை மறுபடி முதல் குறிப்பிலிருந்து படித்தாள். அவர் இறந்த செய்தி வந்தபோதுகூட அவள் இப்படி ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. அன்று அறிவிப்பு எழுதும் வேலை இருந்தது.

"என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"நானும் அதான் சொன்னேன். அந்த அம்மா அதை ரொம்ப ஆசையா வச்சிருக்கு, விடு, நான் போன்ல சொல்லிக்கறேன்னுட்டார்."

வடிகட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எடுத்துடறேன் அண்ணி. இன்னிக்கே நம்பரை எடுத்துடறேன்."

"எடுத்துடு. நேத்து நான் குளிச்சுட்டு இருக்கேன், அது கத்துது. சோப்போட ஓடி வந்தேன். என் வயசுக்கு இது தேவையா?" தாளை மடித்து அவள் கைப்பையில் அண்ணியே செருகினாள். "ஆனா அந்த இடத்துல ஏதாவது ஒரு கைபேசி நம்பர் இருக்கணும். ஆபீஸ் போன் எட்டரைக்கு மேலதானே எடுப்ப? ஏழரைக்கு அவங்க நடுத்தெருவுல நிப்பாங்க."

மறுநாள் அவள் பழைய மெயிலைத் திறக்கவில்லை. வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். அதன் மேல் மூலையில் சிமிட்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்; பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு முதல் வரி வரவில்லை. கடைசியில் சின்ன வாயிலிலிருந்து ஆரம்பித்தாள். திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டு வரவும். செவ்வாய்க்கிழமை மட்டும் வெறும் வயிற்றில். மேலாளரிடம் காட்டியபோது, "பழசு இதைவிட அழகா இருந்துச்சே" என்றார்.

"ஆமா சார்" என்றாள். "அழகா இருந்துச்சு."

தொடர்பு எண்ணுக்கு வந்ததும் விரல் நின்றது. சொந்த எண்ணை அவள் எந்த ஊழியருக்கும் தந்ததில்லை. புருஷனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"போட்டுக்கோ. காலையில நான் எழுப்பறதைவிட யாராவது வெளியாள் எழுப்பினா நீ எழுந்திருப்ப."

போட்டாள்.

அடுத்த திங்கள், தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. ஏழு நாற்பது. சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு எடுத்தாள். தண்ணித் தொட்டி தெரியவில்லை என்றான் ஒருவன். திரும்பி நில்லுப்பா, நீலமா தெரியும் என்றாள். வைத்ததும் இன்னொன்று, ஒரு பெண், தோடு போடலாமா என்று. கழட்டி வீட்டிலயே வச்சுட்டு வாம்மா என்றாள்.

மூன்றாவது மணி அடித்தபோது திரையில் கேட் அண்ணன் பெயர் வந்தது. அந்தப் பெயரை அவள் தன் கைபேசியிலும் மாற்றியிருக்கவில்லை.

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்றாள் அண்ணி.

"ரெண்டு பேர்."

"சாப்பிட்டாச்சான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கடிதத்தில்தான் தெளிவாக எழுதியிருக்கிறாளே.

"லெட்டர்ல இருக்கு அண்ணி."

"லெட்டர்ல இருக்கும். நீ கேட்டியா?"

அண்ணி வைத்துவிட்டாள். மெயில் அக்கா சீப்பை எடுத்து வைத்து, முதலில் கூப்பிட்டவனின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.