மாலை போட்ட படத்துக்குக் கீழே

பாலிங் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டை விட்டு, யான் ஊரில் நெல் மூட்டை தூக்கி, தஞ்சோங் டாவாயில் ஒரு பருவம் வலை இழுத்து, கடைசியில் சுங்கைப் பட்டாணியில் போர்டு எழுதும் கடை ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் எழுத்து நன்றாக வரும். எண்பதுகளில் அதற்குச் சோறு கிடைத்தது.

எங்கள் கடைக்கு மாடியில் ஓர் அம்மா வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஆபீஸ் திறந்தார். வக்கீல் ஆபீசில் பல வருடம் டைப் அடித்தவர், கத்தோலிக்கர். அவர் முதலில் அமெரிக்கா அனுப்பிய பையன் பினாங்கு விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டச் சொன்னார். அதன் கீழே எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதினேன்:

‘கல்லூரி தேடித் தருகிறோம். மனு நிரப்ப, ஆங்கிலத் தேர்வுக்குப் பதிய, தூதரக நேர்காணலுக்குத் தயாராக உதவுகிறோம். எங்கள் கட்டணம் முந்நூறு வெள்ளி. கல்லூரி, தேர்வு, விசாக் கட்டணங்கள் தனி. இடம் கொடுப்பது கல்லூரி, விசா கொடுப்பது தூதரகம். இரண்டுக்கும் நாங்கள் உறுதி சொல்வதில்லை.’

கடைசி வரியை எழுதும்போது, இதைப் படித்தால் எவன் மாடி ஏறுவான் என்று கேட்டேன். ஏறுகிறவன் தெரிந்தே ஏறட்டும் என்றார். பலகையைப் படிக்கட்டு வாசலில் மாட்டினேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மாடி ஜன்னல் சட்டத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். வெள்ளை வேட்டி. மனைவி கையில் தாம்பாளம்: வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே நோட்டாக முந்நூறு வெள்ளி. எங்கள் ஜனங்களிடம் தட்டு என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாங்கியவர் வாக்குக் கொடுத்தவர்.

அந்த அம்மாவும் கை நீட்டினார். தட்டு பாதி கைமாறும்போதே மண்டோர் நிம்மதியாகக் கேட்டார்:

“அப்ப இங்க டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கெடச்சிருக்குங்க இவளுக்கு. வேணாம்னு எழுதிப் போட்டுறலாம்ல? திங்கக்கிழம பதில் சொல்லணுமாம்.”

அம்மாவின் கை நின்றது. தட்டை மெதுவாகத் திருப்பி மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். மண்டோருக்கு முகம் கறுத்துவிட்டது.

“வேதக்காரவங்களுக்கு வெத்தல ஆகாதுங்களா?”

“வெத்தல ஆகும்ணே. எங்கம்மா வாய் செவக்கப் போடுவாங்க. வாக்குத்தான் கொடுக்க முடியாது. கீழ போர்டுல எழுதியிருக்கே, படிக்கலயா?”

“படம் பாத்தோம்லா. மால போட்டு நிக்கிறான் பையன். பொறவு என்ன படிக்க?”

மகள்தான் மெல்லச் சொன்னாள், தான் படித்ததாகவும் அப்பாவிடம் சொன்னதாகவும். எழுத்து கிடக்கட்டும், ஆள் போய்ச் சேர்ந்திருக்கிறானே என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

அம்மா மூவருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: “அவன் போனது உண்மதாண்ணே. அவன்கூடவே இன்னொரு பையனும் மனு போட்டான். கல்லூரி எடுத்துக்கிச்சு. கோலாலம்பூர் எம்பசில விசா இல்லன்னுட்டாங்க. அவன் படத்த நான் மாட்டல.”

மண்டோர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். இங்கே கிடைத்த இடத்துக்குச் சரி என்று எழுதிவிட்டு, மனுவும் போடலாமா என்று கேட்டது அந்த மனைவிதான். போடலாம், ஆனால் விசா வராவிட்டாலும் செய்த வேலைக்கான முந்நூறு திரும்பி வராது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் அம்மா. யோசிக்க மண்டோருக்கு ஒரு சுருட்டு நேரம் பிடித்தது. மகளையும் கூட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடித்துவிட்டு வந்தார். வரும்போது வாசகத்தை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

தட்டிலிருந்து பணத்தை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். அம்மா ரசீது எழுதினார். மனைவிக்குத் தட்டை அப்படியே திருப்பிக்கொண்டு போக மனமில்லை. அதைக் கண்டு அம்மா ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அங்கேயே உரித்துத் தின்றார். எனக்கும் ஒன்று வந்தது.

அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அந்தப் படத்தக் கழட்டிரு.”

“எழுத்து?”

“எழுத்து இருக்கட்டும்.”

படம் நன்றாக ஒட்டியிருந்தது. சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வாசகத்தையே இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன். கடைசி இரண்டு வரிகளும் முதலில் வந்தன. அதன்பின் மாடி ஏறியவர்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா மாலை நேரத்தில் மறுபடி வக்கீல் ஆபீசுக்கு டைப் அடிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் நான் வேலையை விட்டுக் கிளம்பும் நாளில் பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பயிற்சிக் கல்லூரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அமெரிக்கக் கல்லூரி இடம் கொடுத்ததாம், எம்பசி மறுத்துவிட்டதாம். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“கோவப்படல அண்ணே. போர்டுலதான் போட்டிருந்துச்சேன்னாரு.”

அவள் பஸ் முதலில் வந்தது.