பௌர்ணமியில் எண்ணிய குழிகள்

ஐம்பதுகளின் நடுவில் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலை. முதல்வர் மனம் வைத்தால்தான் அடுத்த ஆண்டும் உண்டு. மாடியில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் விட்டுப்போன தொலைநோக்கி இருந்தது. அதை நானும் கணிதத் துறை நண்பரும் மட்டுமே தொடுவோம். அவர் நல்லேப்பிள்ளிக்காரர். வீட்டில் நெல் விவசாயம். நான் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரன். என்னை ‘சாமி’ என்பார். நான் ‘ஓய்’ என்பேன். இரண்டிலும் கேலி உண்டு, பிரியமும் உண்டு.

நிலவின் குழிகள் எரிமலை வாய்கள் என்றுதான் அப்போது பலர் சொன்னார்கள். எங்கள் முதல்வரும் அந்தக் கட்சி. “குழிகள் எல்லாம் வட்டம். கல் வந்து விழுந்த குழியானால் பாதிக்கு மேல் நீளவாக்கில் இருக்க வேண்டாமா? எல்லாக் கல்லும் நேர்க்குத்தாகவா விழும்?” என்று ஆசிரியர் அறையில் கேட்டார். நல்ல கேள்வி. மறுநாள் மாலை, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஈர மணலருகே நண்பர் முதல்வரைக் கூட்டிப்போனார். முதலில் ஒரு கொட்டைப் பாக்கைச் சாய்வாக எறிந்தார். மணலில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

“நான் சொன்னது இதுதானே?” என்றார் முதல்வர்.

“இருங்க சார், இனிமேத்தான் சங்கதியே” என்று நண்பர் ஒரு வெடிப் படக்கத்தைச் சாய்வாகப் புதைத்துத் திரியைக் கொளுத்தினார். வெடித்தது. முதல்வரின் வெள்ளை வேட்டி நிறம் மாறியது. ஆனால் மணலில் வட்டமாக ஒரு குழி, சுற்றிலும் உயர்ந்த கரை, கரைக்கு வெளியே சிதறிய மண்.

“வானத்துக் கல்லு நொடிக்குப் பல மைல் வேகத்துல வருதுங்க. சடார்னு நிக்கறப்ப அந்த வேகமெல்லாம் சூடாயிருமுங்க. கல்லே ஆவியாப் போயி, வெடி வெச்சாப்பல தெறிக்குது. வெடிக்கு எந்தத் திக்குலிருந்து வந்தோம்னு ஞாபகம் இருக்குமுங்களா? அதனாலதான் கல்லு சின்னதா இருந்தாலும் குழி பெருசு. தரையை ஒட்டியே உரசிட்டு வந்தாத்தான் நீளக்குழி.”

முதல்வர் வேட்டியை உதறிக்கொண்டே, “வேட்டி போனாலும் வாதம் நன்றாக இருக்கிறது” என்றார். சிரித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நண்பருக்கு அதற்கடுத்த ஆசை, நிலவின் தரைக்கு வயது சொல்வது. அவர் சொன்ன உவமை வயலிலிருந்து வந்தது. “பலகை போட்டுச் சமமாப் பரம்படிச்ச வயல்ல கொக்கு எறங்குது. தடம் கம்மின்னா இப்பத்தான் பரம்படிச்சிருக்கு. நெறைய இருந்தா அடிச்சு நேரமாச்சு. நெலாவுல கருப்பாத் தெரியுதே அந்தச் சமவெளி, அதெல்லாம் எரிமலைக் குழம்பு பரம்படிச்ச எடமுங்க சாமி. பழைய தடத்தை மூடிப்போட்டுது. அதுக்கப்பறம் விழுந்த குழியை எண்ணுனா, எது மூத்தது எது எளையதுன்னு சொல்லிப்போடலாம்.”

“எத்தனை வருஷம்னு?”

“அது தெரியாதுங்க. கொக்கு மணிக்கு எத்தனை எறங்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்களே? அண்ணன் தம்பி யாருன்னு மட்டும் சொல்லலாம்.”

சம அளவுள்ள இரண்டு இடங்களைத் தேர்ந்தோம்: நிலவின் கிழக்குச் சமவெளியில் ஒன்று, மேற்கில் ஒன்று. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான குழிகளை இரண்டிலும் விட்டுவிடுவது. எண்ணும் நாள்தான் முக்கியம். அந்த இடத்தில் பொழுது புலர்ந்த உடனே, வெயில் சாய்ந்து விழும்போது எண்ண வேண்டும். குழியை நமக்குக் காட்டுவது அதன் நிழல்தான். கிழக்குக்கு வளர்பிறைச் சஷ்டி, மேற்குக்கு ஏகாதசி என்று திதியிலேயே கணக்கு வைத்தோம். “ரெண்டும் விரத நாளு, சாமிக்கு வசதி” என்றார். கிழக்கு அவர் பங்கு. மேற்கு என் பங்கு.

அந்த ஆண்டு என் ஏகாதசி கல்பாத்தித் தேரோடு வந்து விழுந்தது. தேர்க்காலத்தில் எங்கள் தெருக்காரன் ஒருவன் மாடியேறித் தொலைநோக்கியில் கண் வைப்பதாவது! வீடு நிறைய விருந்தாளிகள், தெரு நிறைய கூட்டம், பந்தலில் கச்சேரி. நான் போகவில்லை. விரதமும் இருக்கவில்லை. ஆரவாரம் அடங்கிப் பௌர்ணமி மாலைதான் மாடி ஏறினேன். முழு நிலவு, வெள்ளித் தட்டுப்போல. இதைவிட வெளிச்சமாக என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிழல் இல்லாவிட்டால் குழி தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே எண்ணினேன். கிடைத்தது கிழக்கின் கணக்கில் பாதிகூட இல்லை. அந்த எண்ணை ‘ஏகாதசி’ என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன்.

அவர் துள்ளிக் குதித்தார். “தம்பியைக் கண்டுபிடிச்சாச்சுங்க சாமி! மேக்கால இருக்கறது ரொம்ப எளசு!” கட்டுரை எழுதினார். மதராஸிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் அறிவியல் சங்கக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. கட்டுரை பிடித்தால் நண்பரைத் தம்மிடம் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். நண்பர் பாலக்காட்டுக்கு வெளியே ஆசைப்பட்ட ஒரே இடம் அதுதான். உண்மையைச் சொல்ல எனக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கூட்டம் நன்றாக நடந்தது. பேராசிரியர் படக்கக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்ததும், “இன்று என்ன திதி?” என்றார்.

“ஏகாதசி” என்றார் முதல்வர்.

“அப்படியானால் அந்தத் தம்பியை நானும் பார்க்கிறேனே.”

மாடிக்குப் போனோம். வாளையார்ப் பக்கமிருந்து வரும் தைமாதக் காற்று தொலைநோக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் குழலைப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். “எனக்கு நிறையவே தெரிகிறதே. நீங்கள் எண்ணிப் பாருங்கள்.”

நண்பர் குனிந்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். கட்டுரையில் இருந்த எண்ணைத் தாண்டியும் எண்ணினார். பிறகு குரல் நின்றது. கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். என் கை குழலில் இருந்தது. இத்தனை குழியையும் மறைப்பது முழு நிலவுதான் என்பதும், அந்த ஏகாதசி தேரோடு வந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

“எந்த நாளில் எண்ணியது?” என்றார் பேராசிரியர். முதல்வரும் பக்கத்தில்தான் நின்றார்.

நான் வாய் திறப்பதற்குள், இல்லை, திறக்க எனக்கு நேரம் இருந்தது, நண்பர் சொன்னார்: “பௌர்ணமியில எண்ணிப்போட்டேனுங்க சார். நாந்தான். அவசரம்.”

பேராசிரியர் கோபப்படவில்லை. “நிழலில்லாத நேரத்தில் பள்ளம் தேடினீர்களா?” என்று அவர் தோளில் தட்டினார். சரியாக எண்ணிவிட்டு எழுதச் சொன்னார். அந்த ஆராய்ச்சி இடத்துக்கு அந்த ஆண்டே வேறொருவரை எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது, “ஏன் ஓய் அப்படிச் சொன்னீர்?” என்று கேட்டேன்.

“உம்ம பேரைச் சொன்னா நாளைக்கு உமக்கு வேலை இருக்குமா? எனக்கு நெரந்தரம்.” இரண்டு படி இறங்கித் திரும்பினார். “தேர்ல என்ன சாமி, பாயசம் நல்லா இருந்துச்சா?”

அதுதான் அவர் காட்டிய கோபம் முழுவதும். அடுத்த வளர்பிறையிலிருந்து மேற்கையும் அவரே எண்ணினார். நான் குழலைப் பிடித்தேன். சரியான கணக்கில் இரண்டு சமவெளிகளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. “அண்ணன் தம்பி இல்லீங்க, கிட்டத்தட்ட ரெட்டை” என்று அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். அப்படியொரு முடிவை மதராஸுக்கு எழுதிப் பயனில்லை என்று விட்டுவிட்டார். கடைசிவரை பாலக்காட்டிலேயே வகுப்பெடுத்தார். என் வேலை நிரந்தரமாயிற்று. முதல்வர் ஓய்வு பெற்றார். பிறகு யாரிடமும் சொல்லி எந்த ஆபத்தும் இல்லாத காலம் நெடுநாள் இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் யாராவது ‘பௌர்ணமிக்காரர்’ என்று அவரைக் கேலி செய்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் சிரித்தேன்.

எண்ணியது நான்.