குவிலென்சு

பாட்டுக்கட்டிச் சொல்லிக்கொடுப்பதை நான் குறை சொல்ல முடியாது. திண்டிவனத்தில் நான் கணக்கு எடுக்கும் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியலையே அப்படித்தான் ஏற்றினேன். எதிர்வீட்டான் சைன், பக்கத்துவீட்டான் காஸ், ரெண்டு பேரையும் கீழே நின்று சுமப்பவன் கர்ணம். எதிர்வீட்டான் பக்கத்துவீட்டான் தலையில் ஏறினால் டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், மறக்கவில்லை.

அறிவியல் சாரும் பாட்டுக் கட்டினார். "குண்டா இருந்தா குவிக்கும், ஒல்லியா இருந்தா விலக்கும்." நடுவில் தடித்த குவிலென்சு ஒளியைக் குவிக்கும், நடுவில் மெலிந்த குழிலென்சு விலக்கும். விஷயம் சரிதான். ஆனால் அதற்கு அவர் வகுப்பிலேயே பருமனான பெண்ணை எழுப்பி, "இதுதான் குவிலென்சு" என்று நிறுத்தினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்று முதல் அவளுக்கு அதுவே பெயர்.

எனக்கு இது தெரியவந்தது திருப்புதல் தேர்வில். அறிவியல் தேர்வுக்கு நான்தான் மேற்பார்வை. ஒரு கட்டத்தில் ஹாலில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் அந்தப் பெண்ணையே பார்த்து, "குண்டா இருந்தா குவிக்கும்" என்று உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு எழுதின. கேள்வித்தாளைப் பார்த்தேன். லென்சு கேள்வி. அத்தனை பேருக்கும் அவள் உடம்புதான் பிட்டு.

அவள் மட்டும் அந்தக் கேள்வியை எழுதாமல் விட்டிருந்தாள். விடைத்தாளைத் திருத்திய சார் ஆசிரியர் அறையில் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், பாட்டே இவளை வெச்சுத்தான். இவளுக்கே ஏறல!"

"அவளுக்கு ஏறலியா, உங்களுக்கு ஏறலியா சார்? அந்தப் பாட்டை மொதல்ல மாத்துங்க" என்றேன்.

"பரீட்சை வந்துடுச்சு மேடம். இப்ப மாத்துனா பசங்க கொழம்பிடுவாங்க. எல்லாம் பாஸ் ஆவணுமா வேணாவா?"

டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தலைமை ஆசிரியரிடம் போனேன். "ஜாலிக்குத்தானே சொன்னாரு, விடுங்க" என்று அவரும் சிரித்தார்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "பதில் தெரியும் டீச்சர். எல்லாரும் என்னியே பாத்துக்கினு இருந்தாங்க. எழுதக் கை வரல" என்றாள்.

பொதுத்தேர்விலும் லென்சு கேள்வி வந்தது. சொந்தப் பள்ளியில் எங்களுக்கு மேற்பார்வை கிடையாது என்பதால் வேறு மையத்துக்குப் போயிருந்தேன். முடிந்ததும் நேராக எங்கள் பள்ளி வாசலுக்கு வந்தேன். சார் பிள்ளைகளின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அவள் சுவரோரமாகத் தனியே நின்றாள்.

"எழுதினியாம்மா?"

"எழுதிட்டேன் டீச்சர். பேப்பர் குடுத்த ஒடனே, மத்தவங்க அந்தக் கேள்விக்கு வர்றதுக்குள்ள, மொதல்ல அதைத்தான் எழுதினேன். அப்புறம் அவங்க என்னியத் திரும்பிப் பாத்து முடிக்கிற வரைக்கும் டெஸ்க்ல கவுந்து படுத்துக்கினேன்."